யாருக்கு To, யாருக்கு Cc, எப்போ Bcc? சிக்கல் இல்லாமல் மெயில் அனுப்ப ஒரு வரி போதும்!

உங்கள் இன்பாக்ஸில் கடைசியாக Cc-ல உங்க பேரு இருந்த மெயில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதை உங்களுக்கு எதுக்கு அனுப்பியிருக்காங்கனு உடனே சொல்ல முடியுதா? படிச்சுட்டு விட்டுடலாமா, பதில் போடணுமா, வேலை ஏதாச்சும் செய்யணுமா? பெரும்பாலும் தெரியாது. தெரியாததால் நாம் ஒன்றும் செய்வதில்லை. நம்ம மெயிலை Cc-ல வாங்குறவங்களும் இதையேதான் செய்வாங்க.

ஆபீஸ் மெயிலில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனா, தெருவுக்குத் தண்ணி வரலைனு அரசு அலுவலகத்துக்கு நீங்க மெயில் போடும்போது, யாரை எந்தக் கட்டத்தில் போட்டீங்க என்பதில்தான் வேலை நடக்கிறதும் நடக்காததும் இருக்கு. அதனால் இந்த விஷயத்தை ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டாரத்தில் இருக்கும் சிக்கல் கிராமத்தை வைத்தே பார்க்கலாம்.

நம்ம ஊர் மனுவிலேயே இருக்கு!

Cc என்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது இல்லை. டைப்ரைட்டர் காலத்தில் இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்து எடுத்த நகல்தான் அது. யாருக்கெல்லாம் நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் ஒரு பட்டியல் இருக்கும். ஒருத்தருக்கு மட்டும் தெரியாமல் அனுப்பணும்னா, மேலே இருக்கும் அசல் தாளை எடுத்துவிட்டு, நகல் தாளில் மட்டும் அந்தப் பெயரை டைப் அடிப்பார்கள். அசல் கடிதம் வாங்கியவருக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது. அதுதான் இன்றைய Bcc.

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முடிந்த பிறகு, அடியில் ‘நகல்’ என்று ஒரு பட்டியல் வரும். வெறும் பெயர்கள் மட்டும் இருக்காது. ‘தகவலுக்காக’ என்றோ, ‘தக்க நடவடிக்கைக்காக’ என்றோ ஒரு குறிப்பும் சேர்ந்து இருக்கும். யாருக்கு நகல் போகுது, ஏன் போகுது என்று அந்தப் பழைய வழக்கம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மெயிலுக்கு மாறியபோது பெயர்களை Cc-க்குக் கொண்டு வந்துட்டோம். ‘தகவலுக்காக’ என்ற அந்தக் குறிப்பைத்தான் தொலைச்சுட்டோம்.

மூணு கட்டம், மூணு வேலை

To-ல் இருப்பவர் வேலை செய்ய வேண்டியவர். Cc-ல் இருப்பவர் அந்த வேலையைப் பற்றித் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியவர். இவங்க ரெண்டு பேரோட முகவரியும் எல்லாருக்கும் தெரியும். யாராவது Reply all அழுத்தினால் பதில் அத்தனை பேருக்கும் போகும்.

Bcc-ல் இருப்பவருக்கும் மெயில் போகும், ஆனால் அவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் Reply all போட்டாலும் அந்தப் பதில் அவருக்கு வராது. முதல் மெயிலோடு அவருக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வாட்ஸ்அப் கணக்கில் சொன்னால், To-வும் Cc-யும் குரூப் மாதிரி: உள்ளே யார் யார் இருக்காங்கனு எல்லாருக்கும் தெரியும். Bcc, பிராட்காஸ்ட் லிஸ்ட் மாதிரி: ஒரே செய்தி எல்லாருக்கும் போகும், ஆனா இன்னொருத்தருக்கும் போயிருக்குனு வாங்குறவருக்குத் தெரியாது.

குழாய் வால்வு யார் கையில்?

இப்போது சிக்கலுக்கு வருவோம். உங்கள் தெருவுக்குப் பதினோரு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. இந்தப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத்தான் நம்பி இருக்காங்க.

கோபத்தில் நாம் என்ன செய்வோம்? ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், குடிநீர் வாரியம், ஊராட்சிச் செயலர் என்று கிடைத்த முகவரியை எல்லாம் To-வில் போட்டு ஒரு மெயில் தட்டிவிடுவோம். ஐந்து பேர் பார்த்தால் யாராவது ஒருத்தர் செய்வார் என்பது நம்ம கணக்கு. நடப்பது வேற. ஐந்து பேரும் மற்ற நான்கு பெயரையும் பார்க்கிறார்கள். ‘இது அவங்க வேலை, அவங்களுக்கும் போயிருக்கு’ என்று ஒவ்வொருவரும் நினைக்க இடம் கிடைத்துவிடுகிறது. மேலிடத்துக்குப் போன மனுவும் பெரும்பாலும் ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு அதே கீழ் அலுவலகத்துக்குத்தான் இறங்கி வரும்.

அதனால் மெயில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: ஊர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா?

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பெரிய குழாய் வழியாக ஊர்த் தொட்டி வரை தண்ணீர் கொண்டு வருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியில் இருந்து தெருக்களுக்குப் பிரித்து விடுவது ஊராட்சியின் பொறுப்பு. தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரிடம் போய், “அண்ணே, தொட்டி ரொம்புதா?” என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தொட்டி நிறைகிறது, பக்கத்துத் தெருவுக்கு வருகிறது, உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு ஊருக்குள்ளே. தொட்டியே நிறையவில்லை என்றால் கோளாறு ஊருக்கு வெளியே.

முதல் நிலையில் To-வில் இருக்க வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கு. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. ஒருத்தர் ‘வட்டார ஊராட்சி’, இன்னொருத்தர் ‘கிராம ஊராட்சி’. கிராமத்துக் குடிநீர் விவகாரத்துக்கு உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். இரண்டாம் நிலை என்றால் To-வில் குடிநீர் வாரியப் பொறியாளர் வர வேண்டும், வட்டார வளர்ச்சி அலுவலர் Cc-க்குப் போக வேண்டும். அதே பிரச்னை, அதே ஆட்கள்தான். வால்வு யார் கையில் இருக்கோ அவர்தான் To.

அந்த மெயிலை எழுதிப் பார்ப்போம்

தொட்டி நிறைகிறது, வடக்குத் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்று வைத்து எழுதுவோம்.

To: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), கடலாடி

Cc: உதவி நிர்வாகப் பொறியாளர், குடிநீர் வடிகால் வாரியம், ஊராட்சிச் செயலர், சிக்கல்

பொருள்: சிக்கல் ஊராட்சி, ராமநாதபுரம் மாவட்டம் – வடக்குத் தெருவுக்கு மார்ச் 3 முதல் குடிநீர் வரவில்லை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் தெருவில் 40 வீடுகள் உள்ளன. மார்ச் 3 முதல் 13 வரை 11 நாள்களாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேல்நிலைத் தொட்டி நிறைகிறது. பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. எனவே தெருவுக்குப் பிரியும் குழாயில் அடைப்போ உடைப்போ இருக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த இடத்தைப் பார்வையிட்டுச் சரிசெய்யவும், எந்தத் தேதிக்குள் முடியும் என்று தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மெயில் யாருக்கு, ஏன்:
வட்டார வளர்ச்சி அலுவலர் – நடவடிக்கைக்காக.
ஊராட்சிச் செயலர் – பார்வையிட வருபவருக்குக் குழாய் போகும் பாதையைக் காட்டுவதற்காக. மார்ச் 6 அன்று அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறோம்.
குடிநீர் வாரிய உதவி நிர்வாகப் பொறியாளர் – தகவலுக்காக மட்டும். தொட்டி வரை தண்ணீர் வருவதால் தற்போது தங்கள் தரப்பில் எதுவும் தேவைப்படவில்லை.

அவ்வளவுதான். கடைசி மூன்று குறிப்புகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் வரி, பொறுப்பை ஒருத்தர் மேல் வைக்கிறது. இரண்டாவது வரி, Cc-ல் இருப்பவருக்கும் ஒரு சின்ன வேலை இருப்பதைச் சொல்கிறது. ‘மார்ச் 6 அன்று நேரில் சொல்லியிருக்கிறோம்’ என்பது முக்கியம். இல்லாவிட்டால் ‘என்னைக் கேட்காம மேல புகார் போட்டுட்டாங்க’ என்று செயலருக்கு வருத்தம் வரும். நாளைக்கு அதே செயலரைத்தான் நீங்க கடைத்தெருவில் பார்க்கப் போறீங்க. மூன்றாவது வரி, ஒருத்தரை வேலையில் இருந்து விடுவிக்கிறது. ‘உங்ககிட்ட எதுவும் கேக்கல’ என்று தெளிவாகச் சொன்னால்தான், அவரும் ஒரு விளக்கக் கடிதம் எழுதி விஷயத்தைத் திசை திருப்ப மாட்டார்.

பொருள் வரியில் மாவட்டப் பெயர் எதற்கு? நாகப்பட்டினம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கு, சிங்காரவேலர் கோயில் இருக்கும் சிக்கல். ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் எந்தச் சிக்கல் என்று மாநில அளவில் இருப்பவருக்குத் தெரியாது.

கலெக்டரை எப்போ சேர்க்கலாம்?

முதல் மெயிலில் ஆட்சியர் இல்லை என்பதைக் கவனிச்சிருப்பீங்க. மேலதிகாரியை Cc-ல் போடுவது தகவல் மட்டும் இல்லை, அது ஒரு அழுத்தமும்கூட. எடுத்த எடுப்பிலேயே அதைச் செய்தால், கீழே இருப்பவர் குழாயைப் பார்க்கப் போவதற்கு முன் தன் பக்க நியாயத்தை எழுத உட்கார்ந்துவிடுவார். அதோடு, நிஜமாவே தேவைப்படும்போது கையில் எடுக்க உங்ககிட்ட எதுவும் மிச்சம் இருக்காது.

ஒரு வாரம் பதில் இல்லை என்றால், அதே மெயிலுக்கு Reply all போட்டு, ஆட்சியர் அலுவலகத்தை Cc-ல் சேர்க்கலாம். சேர்க்கும்போது முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்:

‘மார்ச் 13 அன்று அனுப்பிய மெயிலுக்கு இதுவரை பதில் வராததால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை இந்த மெயிலில் சேர்த்துள்ளேன். சுருக்கம்: வடக்குத் தெருவுக்கு 18 நாள்களாகத் தண்ணீர் இல்லை; தொட்டி நிறைகிறது; தெருக் குழாயைப் பார்வையிட வேண்டும். நடவடிக்கை வேண்டுவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம்.’

புதுசாக வருபவருக்குக் கீழே இருக்கும் பழைய மெயில் எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது. இந்தச் சுருக்கம் அவருக்காக. பழைய ஆட்களுக்கும், அறைக்குள் புதுசா ஒருத்தர் வந்திருக்கார் என்று தெரிய வேண்டும். சத்தமில்லாமல் மேலதிகாரியைச் சேர்த்தால் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். சொல்லிவிட்டுச் சேர்த்தால் அது முறைப்படியான அடுத்த படி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒருவரைப் பாதியில் Cc-ல் சேர்க்கும்போது, அடியில் மேற்கோளாக ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயில்கள் எல்லாமே அவருக்குப் போய்விடும். அதில் பக்கத்து வீட்டு அக்காவின் போன் நம்பர் இருக்கலாம், யாருடைய ஆதார் நகலோ இருக்கலாம், ‘அந்த வீட்டுக்காரர்தான் மோட்டார் போட்டு உறிஞ்சுறார்’ என்று யாரோ எழுதிய வரி இருக்கலாம். போனில் இந்தப் பழைய பகுதி மூன்று புள்ளிகளுக்குள் சுருங்கிக் கிடக்கும். அதைத் தட்டி விரித்து, கடைசி வரை பார்த்து, வேண்டாததை அழித்துவிட்டு அனுப்புங்கள். அழிக்க நிறைய இருந்தால் புது மெயிலாகவே எழுதிவிடுவது நல்லது.

வேலை முடிந்தவரை வெளியே விடுவதும் நம்ம பொறுப்புதான். ‘கோளாறு தெருக் குழாயில்தான் என்று உறுதியானதால், குடிநீர் வாரியப் பொறியாளரை அடுத்த மெயிலில் இருந்து விடுவிக்கிறேன். உதவிக்கு நன்றி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த முறை அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம்: மெயில் அனுப்பினால் மனு எண் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பின்தொடர ஒரு எண் வேண்டும் என்றால் ‘முதல்வரின் முகவரி’ தளத்திலோ, 1100 எண்ணிலோ பதிவு செய்யுங்கள். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். அந்த எண்ணை மெயிலில் குறிப்பிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

40 வீட்டுக்கும் தகவல் சொல்லணுமே!

இப்போது மெயிலில் மறுபக்கம். வட்டார வளர்ச்சி அலுவலர் பதில் போட்டுவிட்டார். அதைத் தெருவில் உள்ள 40 வீட்டுக்கும், சென்னை, வளைகுடா என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும். இங்கேதான் Bcc-யின் சரியான இடம். இவர்கள் ஒருவருக்கொருவர் பதில் போட வேண்டிய அவசியம் இல்லை. தன் முகவரி மற்ற 39 பேருக்கும் போகட்டும் என்று யாரும் உங்களிடம் சம்மதம் தந்ததும் இல்லை.

To-வில் உங்கள் முகவரியையே போடுங்கள். 40 பேரையும் Bcc-ல் போடுங்கள். மெயிலின் முதல் வரியில், ‘மார்ச் மாதம் குடிநீர் மனுவில் கையெழுத்துப் போட்ட அனைவருக்கும் இதை Bcc-ல் அனுப்புகிறேன். முகவரி வெளியே தெரியாமல் இருப்பதற்காக இப்படி. கேள்வி இருந்தால் எனக்கு மட்டும் பதில் போடுங்கள்’ என்று எழுதிவிடுங்கள். பெயர்கள் மறைவாக இருக்கலாம், ஆனால் ஏன் வந்தது என்ற காரணம் மறைவாக இருக்கக் கூடாது. அந்த வரி இல்லாவிட்டால், ‘இது யாருடா எனக்கு அனுப்புறது?’ என்று ஸ்பேமில் தள்ளிவிடுவார்கள்.

‘தெரு மெயில்தானே, முகவரி தெரிஞ்சா என்ன ஆகிடும்?’ என்று தோணலாம். To-வுக்கும் Bcc-க்கும் இடையில் விரல் கொஞ்சம் தவறியதால் என்ன ஆனது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு.

2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானைத் தலிபான்கள் கைப்பற்றிய பிறகு, பிரிட்டிஷ் படைகளுக்கு உதவிய ஆப்கானியர்களை வெளியேற்றும் வேலையில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று, வெளியேறத் தகுதி பெற்றிருந்த 245 பேருக்கு ஒரே மெயில் போனது. முகவரிகள் Bcc-ல் இல்லை, To-வில் இருந்தன. 245 பேரின் முகவரியும் 245 பேருக்கும் தெரிந்தது. அதில் 55 பேருக்கு முகவரியோடு முகப்புப் படமும் சேர்ந்தே தெரிந்தது. தலிபான்களிடம் இருந்து ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு பேர் அந்த மெயிலுக்கு Reply all போட்டார்கள். அதில் ஒருவர், தான் இருக்கும் இடத்தையே எழுதியிருந்தார். மெயிலை அழித்துவிடுங்கள், முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அமைச்சகம் பிறகு கேட்டுக்கொண்டது. ஆனா, போன மெயில் போனதுதான். 2023 டிசம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், அந்த அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. முகவரி வெளியே தெரிவது வெறும் முகவரி விஷயம் இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பதே ஒரு தகவல். ‘இவர் தப்பிக்கக் காத்திருப்பவர்’ என்பதைப் போல, ‘இவர் அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்’, ‘இவர் இந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டவர்’ என்று பட்டியலே சொல்லிவிடும். ஆபத்து அதிகமாக இருக்கும் இடத்தில் Bcc-யைக்கூட நம்ப வேண்டாம், ஏனென்றால் ஒரே ஒரு கட்டம் மாறினால் எல்லாம் போச்சு. அப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில் அனுப்புவதுதான் வழி.

Bcc-ல் ஒளிச்சு வைக்காதீங்க

அந்த மோட்டார் விஷயத்துக்குத் திரும்புவோம். தெரு முனையில் ஒரு வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதால்தான் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று பக்கத்து வீட்டு அண்ணன் உங்களிடம் ரகசியமாகச் சொல்கிறார். “என் பேரு வெளிய வரக் கூடாது தம்பி” என்றும் சொல்லிவிட்டார். நீங்கள் அலுவலருக்கு எழுதுகிறீர்கள். அண்ணனுக்கும் தெரியட்டுமே என்று அவரை Bcc-ல் போடுகிறீர்கள்.

இதுதான் Bcc-யில் நடக்கும் மோசமான தப்பு. Bcc-ல் இருப்பவருக்கு To, Cc எல்லாமே தெரியும். தான் மறைவாக இருப்பதை அவர் கவனிக்காமல் போகலாம். போனில் மெயிலைத் திறந்து, ‘ஆமாங்க, நானும் பார்த்தேன்’ என்று Reply all அழுத்தினால், அவர் பெயரும் முகவரியும் அலுவலர், செயலர், பொறியாளர் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். மறைக்க நினைத்தவரை நீங்களே மேடை ஏற்றிய மாதிரி ஆகிவிடும். உங்கள் மேலும் நம்பிக்கை போகும்: ‘இவர் இன்னும் யாரையெல்லாம் மறைச்சு வச்சிருக்காரோ’ என்று அலுவலகம் யோசிக்கும்.

பாதுகாப்பான வழி எளிது. அலுவலருக்கு மெயிலை அனுப்பி முடியுங்கள். பிறகு Sent-க்குப் போய், அதே மெயிலை அண்ணனுக்கு மட்டும் Forward செய்யுங்கள். ‘அண்ணே, உங்க தகவலுக்காக மட்டும். உங்க பேரு எங்கேயும் இல்ல’ என்று மேலே ஒரு வரி. இப்போது அவர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பதில் உங்களிடம்தான் வரும். ஒருத்தரை மறைக்கணும்னா Forward, பல பேரோட முகவரியைக் காக்கணும்னா Bcc. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீங்க.

போனில் எங்கே இருக்கு?

ஜிமெயில் ஆப்பில் புது மெயில் திறந்ததும் To மட்டும்தான் தெரியும். அந்த வரியின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கீழ்நோக்கு அம்புக்குறியைத் தட்டினால்தான் Cc, Bcc இரண்டும் விரியும். அது கண்ணில் படாததால்தான் பலரும் எல்லாரையும் To-விலேயே கொட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு வந்த மெயில் Bcc-ல் வந்ததா என்று தெரிய, அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள பெறுநர் வரியைத் தட்டி விரியுங்கள். To-விலும் Cc-யிலும் உங்கள் முகவரி இல்லை, ஆனால் மெயில் உங்களுக்கு வந்திருக்கு என்றால் நீங்கள் பெரும்பாலும் Bcc-ல் இருக்கிறீர்கள். அந்த மெயிலுக்கு Reply all தொடவே தொடாதீர்கள். பேச வேண்டும் என்றால் அனுப்பியவருக்கு மட்டும் Reply.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்தால், செட்டிங்ஸில் Undo Send என்ற இடத்தில் 30 நொடி வரை வைக்கலாம். அனுப்பிய பிறகு அரை நிமிஷம் வரை திரும்பப் பிடிக்கலாம். அதே பக்கத்தில் Default reply behavior என்பது Reply all-ல் இருந்தால் Reply-க்கு மாற்றிவிடுங்கள். பலருக்கு அனுப்பும் மெயிலில் முகவரிகளை முதலில் போடாதீர்கள். மெயிலை எழுதி, படித்துப் பார்த்து, கடைசியாக முகவரிகளைப் போடுங்கள். பாதி மெயில் கை தவறிப் பறக்காது, யார் எந்தக் கட்டத்தில் என்பதையும் நிதானமாகப் பார்க்கலாம்.

அனுப்பும் முன் Cc-ல் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும், ‘இவருக்கு ஏன்?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் அந்த வரி மெயிலின் அடியிலேயே இருக்கட்டும். எழுத வரவில்லை என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். ‘இருந்தா நல்லதுதானே’ என்பது மட்டும்தான் காரணம் என்றால், அந்த மெயில் அவர் இன்பாக்ஸில் திறக்காமலே கிடக்கும்.